அரைக் கொய்யாவும் ஆயிரம் மில்லிகிராமும்

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு டையிங் யூனிட்டில் சூப்பர்வைசர். 15 வருஷமாக சிகரெட் பழக்கம், ஒரு நாளைக்கு 12 வரும். "தம் அடிக்கிறவங்க உடம்புல வைட்டமின் சி தங்காதுண்ணா, இதைப் போட்டுக்கங்க" என்று மெடிக்கல் ஷாப் தம்பி தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் 1000 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார். ஆறு மாதமாகத் தினமும் ஒன்று. அவர் சொன்னது உண்மையா? சிகரெட்டின் கெடுதலை இது ஈடுகட்டுமா, பாதியாவது? இரண்டாக ஏற்றலாமா? ஈறில் ரத்தம்கூட வந்ததில்லை, அதனால் வேலை செய்கிறது என்றே நினைக்கிறேன்.
வாசகர், திருப்பூர்

பதில்: அந்தத் தம்பி சொன்னது நிஜம்தான். புகைப்பவர் உடம்பில் வைட்டமின் சி சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது 40 வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். ஆனால் அந்தக் குறையை நிரப்பிவிட்டால் சிகரெட்டின் கெடுதலும் குறைந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை, அதை நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள். அது நடக்காது. பாதியும் ஈடாகாது. இரண்டு மாத்திரையாக ஏற்றுவது வீண், உங்கள் வேலையைப் பார்த்தால் சிறுநீரகத்துக்கு அது நல்லதும் இல்லை. வெறுமனே "வேண்டாம்" என்று எழுதினால் அடுத்த மாதமும் அதே கடைக்குத்தான் போவீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த வைட்டமின் எங்கே போகிறது என்று பார்ப்போம். சிகரெட் புகையில் ஃப்ரீ ராடிக்கல் என்கிற துகள்கள் ஏராளம். ஒரு எலக்ட்ரான் குறைவாக இருப்பதால் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும் சுபாவம் அவற்றுக்கு. செல்லின் கொழுப்புச் சவ்வு, புரதம், டி.என்.ஏ என்று பார்க்காது. வைட்டமின் சி-யின் வேலை, இவை வந்து பிடுங்குவதற்கு முன்பே தன் கையில் இருக்கும் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுவது. 1991-ல் அமெரிக்காவில் இதை வெறும் ரத்தத் திரவத்தில் செய்து பார்த்தார்கள். மனித ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்துவிட்டு, மிஞ்சிய பிளாஸ்மாவைச் சிகரெட் புகையின் வாயுப் பகுதியில் காட்டினார்கள். வைட்டமின் சி இருந்தவரை கொழுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தீர்ந்ததும் கொழுப்பு கெட ஆரம்பித்தது. வாசல் காவலாளி விழுந்த பிறகுதான் திருடன் உள்ளே நுழைந்தான் என்கிற மாதிரி. உங்கள் கடைத் தம்பியின் நம்பிக்கைக்கு இந்தச் சோதனையைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது, அதனால்தான் இதை மறைக்காமல் முதலிலேயே சொல்கிறேன். ஆனால் அது ஒரு கண்ணாடிக் குடுவையில் நடந்தது, உங்கள் நெஞ்சுக்குள் இல்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானைக் கொடுத்த வைட்டமின் சி உடனே வீணாகிவிடுவதும் இல்லை. கொடுத்த பிறகு அது டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலம் என்கிற காலி உருவத்துக்கு வருகிறது. செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் போன்றவை அதற்கு மறுபடி எலக்ட்ரான் கொடுத்துப் பழையபடி வைட்டமின் சி ஆக்கிவிடும். காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்குவது போலத்தான். சிக்கல் என்னவென்றால், அந்தக் காலி உருவம் ரத்தத்தில் சில நிமிஷங்கள்தான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் யாரும் நிரப்பாவிட்டால் அதன் வளையம் உடைந்து வேறு பொருளாகிவிடும், அப்புறம் திரும்பி வர வழியே இல்லை. அந்த உடைசலில் ஒரு பகுதி கடைசியில் ஆக்சலேட்டாகிச் சிறுநீரில் போகும். இந்த ஆக்சலேட்டுக்குப் பின்னால் வருகிறேன். புகைப்பவரிடம் காலி உருவம் வேகமாகச் சேருகிறது, நிரப்ப வேண்டிய குளுட்டாதயோனுக்கும் புகையால் வந்த வேறு வேலைகள் காத்திருக்கின்றன. அந்த இடைவெளியில் உடைந்துபோவதுதான் உங்கள் நஷ்டம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு இழுப்பில் சுமார் 10 கோடிக் கோடி ராடிக்கல் வரும் என்பது பாடப்புத்தகங்களில் காணும் அளவு. கேட்கவே பயமாக இருக்கும். ஒரு சிகரெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, ஒரு நாளைக்கு 12 சிகரெட், ஆக சுமார் 130 இழுப்பு என்று வைத்து, ஒரு ராடிக்கலுக்கு ஒரு வைட்டமின் சி மூலக்கூறு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தமும் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் புகைப்பவருக்கு ஒரு நாளில் கூடுதலாகத் தீர்வது 35, 40 மில்லிகிராம். மீதி எங்கே போனது? புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. நுரையீரலில் ஒட்டிக்கொண்ட தாரில் சில பொருட்கள், நீங்கள் சிகரெட்டை மிதித்து அணைத்த பிறகும், ஆக்சிஜனோடு சேர்ந்து புதுப்புது ராடிக்கல்களைச் செய்துகொண்டே இருக்கும். அதற்கும் மேலாக, இந்த எரிச்சலைப் பார்த்து நுரையீரலுக்குள் கூட்டமாக வந்து இறங்கும் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமியைக் கொல்ல அவை பயன்படுத்துவதும் இதே ரகத் துகள்களைத்தான், ஆனால் இங்கே கொல்லக் கிருமி எதுவும் இல்லை. அதாவது உங்கள் வைட்டமின் சி-யைத் தின்பது நீங்கள் புகைக்கும் அந்த ஐந்து நிமிஷம் மட்டும் அல்ல. நீங்கள் தூங்கும்போதும் உள்ளே அழற்சி நடந்துகொண்டிருக்கிறது, அந்த அழற்சிதான் பெரிய செலவாளி. மாத்திரை செலவான வைட்டமினைத் திருப்பித் தரலாம், அழற்சியை நிறுத்தாது.

அந்த 40 மில்லிகிராம் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். 1981-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கால்னரும் அவர் கூட்டாளிகளும், கதிரியக்க அடையாளம் இட்ட வைட்டமின் சி-யைப் புகைப்பவர்களுக்குக் கொடுத்து, அது உடம்பை விட்டு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். புகைக்காதவர் உடம்பில் இருப்பு குறையாமல் இருக்கத் தினம் 100 மில்லிகிராம் போதும் என்றால், புகைப்பவருக்கு அதே இருப்புக்கு 140 தேவைப்பட்டது. புகைப்பவர்கள் பழம் காய்கறி குறைவாகச் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் குறைகிறது என்று ஒரு வாதம் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது, காலையில் டீயும் தம்முமாகப் பசியைத் தள்ளிப்போடும் பழக்கம் உங்களுக்கே தெரியும். ஆனால் சாப்பாட்டு வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் புகைப்பவர் ரத்தத்தில் அளவு குறைவாகவே இருந்தது. இப்படித்தான் அமெரிக்காவில் 2000-ல் புகைப்பவர்களுக்கு மட்டும் தினம் 35 மில்லிகிராம் கூடுதல் என்று விதியாக எழுதினார்கள்.

நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர் ஒரு ஆணுக்குச் சொல்லும் அளவு தினம் 80 மில்லிகிராம். அதோடு 35, 40 சேர்த்தால் உங்களுக்கு வேண்டியது 120. உங்கள் மாத்திரையில் இருப்பது 1000. இடையில் உள்ள 880-க்கு என்ன ஆகிறது என்பதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவின் என்பவரின் குழு பொறுமையாக அளந்து 1996-ல் வெளியிட்டது. ஏழு ஆரோக்கியமான ஆட்களை மாதக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, முதலில் உடம்பில் இருந்த வைட்டமின் சி-யை வற்றவிட்டு, அப்புறம் தினம் 30 மில்லிகிராமிலிருந்து 2500 வரை படிப்படியாக ஏற்றிப் பார்த்தார்கள். தினம் 100 மில்லிகிராம் வரும்போதே வெள்ளை அணுக்கள் நிரம்பிவிட்டன, அதற்கு மேல் அவை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே தடவையில் 200 கொடுத்தால் கிட்டத்தட்ட முழுவதும் குடல் வழியாக ரத்தத்துக்கு வந்தது. 1250 கொடுத்தபோது பாதிகூட உள்ளே வரவில்லை. 500, 1000 என்று போனபோது ரத்தத்துக்கு வந்ததிலும் பெரும்பகுதியைச் சிறுநீரகம் அன்றைக்கே வடிகட்டி வெளியே தள்ளிவிட்டது.

இது புகைக்காதவர்களிடம் அளந்தது, உங்களுக்குத் தேவை கொஞ்சம் கூட. அதனால் எல்லை சற்று மேலே போகலாம், ஆனால் 120 எங்கே 1000 எங்கே. குடத்தில் கொஞ்சம் கசிவு இருக்கிறது என்பதற்காக லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினால் குடம் கொள்வது குடத்தளவுதான், மீதி தெருவில் ஓடும். உங்கள் விஷயத்தில் தெரு என்பது கழிவறை.

அந்த 120-க்கு மாத்திரையே வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. பழமுதிர் கடையில் கிடைக்கிற நடுத்தரக் கொய்யா ஒன்று 150 கிராம் எடை இருக்கும் என்றால், அதில் பாதி சாப்பிட்டாலே உங்கள் ஒரு நாள் தேவை, புகைப்பவர் கூடுதலும் சேர்த்து, முடிந்துபோகிறது. பெரிய நெல்லிக்காய் ஒன்றும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், பச்சையாகத் தின்றால். ஊறுகாய்க்கு வேகவைத்ததில் அந்த அளவை எதிர்பார்க்காதீர்கள், வைட்டமின் சி சூட்டுக்கும் தண்ணீருக்கும் தாங்காது. எலுமிச்சைச் சாதம் சாப்பிடுகிறேனே என்று சிலர் சொல்வார்கள், ஒரு முழு எலுமிச்சையைப் பிழிந்தாலும் அதில் 15, 20 மில்லிகிராம்தான் வரும்.

இரண்டு மாத்திரை விஷயம். தினம் 2000 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்குச் சொல்லப்படும் மேல் எல்லை, அதைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். எனக்கு அதைவிடக் கவலை, முன்னே சொன்ன ஆக்சலேட். சிறுநீரகக் கல்லில் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட்தான். ஸ்வீடனில் ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் வரும் ஆபத்து, எடுக்காதவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு இருந்தது. டையிங் யூனிட்டின் நீராவியில் எட்டு மணி நேரம் வேர்த்து, தண்ணீர் குடிக்க நேரம் இல்லாமல், மஞ்சளாகச் சிறுநீர் போகிற ஆள் நீங்கள் என்றால் இந்த இரண்டு மடங்கு உங்களுக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை. ஏற்கெனவே கல் வந்தவராக இருந்தால், அந்த 1000-ஐ இன்றைக்கே நிறுத்துங்கள்.

சரி, இப்போது நிஜமான கேள்விக்கு வருவோம். குறை நிரம்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், கெடுதல் எவ்வளவு குறையும்?

சிகரெட் செய்யும் கெடுதல் ஒரே வகை என்றால் இதற்குப் பதில் எளிது. அது பல வகை, வைட்டமின் சி-க்குக் கை எட்டுவது எலக்ட்ரான் பிடுங்கும் வகைக்கு மட்டும். கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது. ஒட்டியதில் பாதி கழல நாலைந்து மணி நேரம் ஆகும், அதற்குள் நீங்கள் இன்னும் மூன்று பற்றவைத்திருப்பீர்கள். இதில் எலக்ட்ரான் பேச்சே இல்லை, வைட்டமின் சி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். புற்றுநோய்க்கு வருவோம். தாரில் இருக்கும் பென்சோபைரீன் உள்ளே வந்ததும், அதைக் கரைத்து வெளியேற்றலாம் என்று நம் உடம்பின் நொதிகளே அதன் மேல் ஆக்சிஜனை ஏற்றுகின்றன. அந்த முயற்சியில் உண்டாகும் பொருள்தான் டி.என்.ஏ-வில் குவானின் என்கிற எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது, செல் பிரியும்போது அந்த இடத்தில் எழுத்து தப்பிப்போகிறது. இதுவும் ராடிக்கல் வழி இல்லை. புகையிலையில் இருக்கும் நைட்ரோசமைன்களும் அப்படித்தான். வயிற்றுக்குள் நைட்ரோசமைன் உண்டாவதை வைட்டமின் சி தடுக்கும் என்பது உண்மை, அதை எங்கேயோ படித்துவிட்டு என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. ஆனால் சிகரெட்டில் வருவது, இலையைப் பதப்படுத்தும்போதே உண்டாகிவிட்ட சரக்கு. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட ஆளுக்கு வாசல் கதவைச் சாத்தி என்ன பயன்?

எலக்ட்ரான் வழியே நடக்கிற கெடுதல் ஒன்று உண்டு, அங்கேயாவது உதவுமா என்று பார்த்தார்கள். ரத்தக் குழாயின் உள்பூச்சு நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிய வைக்கும், புகைப்பவரிடம் ராடிக்கல்கள் அதைக் கெடுப்பதால் குழாய் சரியாக விரியாது, மாரடைப்பின் முதல் படி அங்கேதான். 2000-ல் வெளியான ஒரு சோதனையில் புகைப்பவர்களுக்கு 2000 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கையின் ரத்தக் குழாயை ஸ்கேனில் பார்த்தார்கள், நன்றாகவே விரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அதே ஆட்களுக்குத் தினம் 1000 வீதம், அதாவது நீங்கள் எடுக்கும் அதே அளவு, எட்டு வாரம் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் முன்னேற்றம் எதுவும் இல்லை. ரத்தத்தில் அளவு திடீரென உயரும் அந்த ஓரிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பலன் தெரிகிறது, உடம்பு அதை வெளியே தள்ளிச் சமன்செய்த பிறகு அது நிற்பதில்லை. "மாத்திரை குடித்தால் அன்றைக்குத் தெம்பாக இருக்கிறது" என்று சிலர் சொல்வதை இதோடு முடிச்சுப்போடாதீர்கள், அந்தத் தெம்பு பாதி ஆரஞ்சு மணத்தில் இருக்கிறது.

இன்னும் நீண்ட காலம் கொடுத்திருந்தால்? அமெரிக்காவில் 14,641 ஆண் மருத்துவர்களுக்குத் தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி-யோ வெற்று மாத்திரையோ சுமார் எட்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, புற்றுநோயும் குறையவில்லை. அவர்களில் புகைப்பவர் சொற்பம் என்று நீங்கள் மறுக்கலாம், நியாயம்தான். அப்படியானால் புகைப்பவர்களிடமே நடந்ததைச் சொல்கிறேன், அது வைட்டமின் சி இல்லை, பீட்டா கரோட்டின், ஆனால் அங்கே ஓடிய தர்க்கம் உங்கள் தர்க்கமேதான். புகைப்பவர் ரத்தத்தில் பீட்டா கரோட்டினும் குறைவு, அது குறைந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம், ஆகவே நிரப்பினால் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயதுவரையான 29,133 ஆண்கள், எல்லோரும் புகைப்பவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994-ல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. தப்பாகப் படிக்கவில்லை, கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இதே மாதிரியான இன்னொரு சோதனையை, இதே போக்கைப் பார்த்ததும் 1996-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். வைட்டமின் சி அப்படிப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் இல்லை. "ரத்தத்தில் குறைவு, அதனால் நிரப்பு" என்ற வாதம் எவ்வளவு நியாயமாகக் காதில் விழும், எவ்வளவு மோசமாகக் கவிழும் என்பதற்காகச் சொன்னேன். இதிலிருந்து உங்களுக்கு ஒரு நடைமுறை வேலையும் உண்டு. மல்டிவைட்டமின், "ஆன்டிஆக்சிடன்ட்" என்று போட்டிருக்கும் கேப்ஸ்யூல் எதையாவது கூடவே எடுத்துக்கொண்டிருந்தால் அட்டையின் பின்பக்கம் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் புகைக்கிற ஆள் அதைத் தொட வேண்டாம். கேரட் சாப்பிடலாம், உணவில் வரும் அளவுக்கு இந்த ஆபத்து காணப்படவில்லை.

நியாயத்துக்கு ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். புகையை விட முடியாமல் இருந்த கர்ப்பிணிகளுக்கு அமெரிக்காவில் தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்ததில், பிறந்த குழந்தைகளின் மூச்சுத் திறன் சற்று மேலாக இருந்தது, முதல் வருஷத்தில் இளைப்பும் குறைவாக வந்தது. 2014-ல் வந்த முடிவு. அது வயிற்றுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நுரையீரலுக்கு, அதுவும் தாய் புகைப்பதை விடாத நிலையில். 15 வருஷம் புகைபட்ட 38 வயது நுரையீரலுக்கு அதைக் கடன் வாங்க முடியாது.

அடுத்தது ஈறு. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். வைட்டமின் சி ரொம்பக் குறைந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், அதுதான் ஸ்கர்வி. உங்களுக்குக் கசியவில்லை, அதனால் எல்லாம் நலம் என்று நினைக்கிறீர்கள். முதலில், ஸ்கர்வி வர ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்கூடக் கிடைக்காமல் வாரங்கள், மாதங்கள் ஓட வேண்டும், சாதாரணமாகக் காய்கறி சாப்பிடும் புகைப்பவருக்கு அது வராது. மாத்திரை இல்லாமலும் உங்களுக்கு வந்திருக்காது. இரண்டாவது, இதுதான் முக்கியம், புகைப்பவர் ஈறில் ரத்தம் வராதது பல நேரம் கெட்ட செய்தி. நிகோடின் ஈறின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அங்கே அழற்சி இருந்தாலும் சிவப்பு தெரியாது, பிரஷ் போட்டாலும் கசியாது. உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வெளியே ஈறு வெளிறி, கெட்டியாக, நல்லபடியாக இருப்பது போலத் தெரியும்.

என்னிடம் வந்த லாரி டிரைவர் ஒருவர் கஷ்டப்பட்டுச் சிகரெட்டை விட்டார். பத்து நாள் கழித்துக் கோபமாக வந்து உட்கார்ந்தார். "சார், தம் அடிச்சவரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல, விட்டதுல இருந்து பல் தேய்ச்சா பேசின் எல்லாம் சிவப்பு. எனக்கு அது ஒத்துக்கல போல, மறுபடி ஆரம்பிச்சுடட்டுமா?" என்றார். அவருக்கு வைட்டமின் குறைவு எதுவும் இல்லை. சுருங்கியிருந்த குழாய்கள் திறந்து, பல வருஷமாக மறைந்திருந்த ஈறு நோய் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. பல் டாக்டரிடம் அனுப்பினேன், அவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுப் பார்த்தபோது சில இடங்களில் ஆறு மில்லிமீட்டர் ஆழம் போனது, மூன்றுவரை இருந்தால் சாதாரணம். நீங்களும் ஒரு தடவை போய் அந்த ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள், கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

"பாதியாவது" என்று கேட்டிருந்தீர்கள். மாத்திரை கைவிட்டது, சரி, 12-ஐ 6 ஆக்கினால் பாதி ஈடாகுமா என்று அடுத்த கேள்வி வரும், எல்லோரும் கேட்பார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். இதயத்துக்கு வராது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்கே, 20 குடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடுகிறது. 38 வயதில், உங்கள் வேலையில், நான் முதலில் பயப்படுவது இதயத்துக்குத்தான், அதனால் குறைப்பதை விடுவதற்கு ஒரு படியாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே குடியிருக்காதீர்கள். விட்டால் அந்த வைட்டமின் கசிவும் தானாக அடையும், சில வாரங்களிலேயே ரத்தத்தில் அளவு ஏறத் தொடங்கிவிடும். கூடுதல் 40 மில்லிகிராம் பிறகு தேவைப்படாது.

ஆக, கையில் இருக்கும் மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வாங்காதீர்கள். வீட்டில் கொய்யா வாங்கிவைக்கச் சொல்லுங்கள், மதியச் சாப்பாட்டு டப்பாவில் அரைப் பழம் வந்தால் போதும். மாத்திரைக்கு ஆகும் காசில் நிகோடின் சூயிங்கம் வாங்கலாம், அதே மெடிக்கல் ஷாப்பில் 2 மில்லிகிராம் கம் கிடைக்கும். 1800-11-2356 என்பது அரசின் இலவசப் புகையிலை உதவி எண், தமிழிலும் பேசலாம், எந்த நாளில் நிறுத்துவது, முதல் வாரத்தை எப்படித் தாண்டுவது என்று கூடவே இருந்து சொல்வார்கள்.

கம் வாங்கினால் ஒரு விஷயத்தில் கவனம், பலர் இங்கேதான் "எனக்கு வேலை செய்யல" என்று தூக்கிப் போடுகிறார்கள். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. மெதுவாக நாலு தடவை மென்றதும் மிளகு மாதிரி காரம் சுரீரென்று தெரியும், உடனே நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், இப்படி அரை மணி நேரம். நிகோடின் வாயின் தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், வாயில் புளிப்பு இருந்தால் அது ஏறாது, எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். அதனால் காபி, எலுமிச்சை ஜூஸ், முக்கியமாக நீங்கள் கரைத்துக் குடிக்கும் அந்த நுரை பொங்கும் வைட்டமின் சி தண்ணீர், இவற்றைக் குடித்த கால் மணி நேரத்துக்குள் கம் போடாதீர்கள்.